மாதம் ஒருமுறை பார்ப்பவர்களுக்காக ஒரு சிறு நோட்டு

குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை, இரணியல், குளச்சல் பகுதிகளில் அஞ்சலகத் தொடர் வைப்புக்கு வீடு வீடாகச் சென்று பணம் வாங்கும் முகவராக இருக்கிறேன். மாதத்தின் முதல் பாதியில் தொடங்கிய கணக்குகளுக்குப் பதினைந்தாம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். அதனால் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் நடையிலேயே கழியும். ஒரு காலையில் ஒன்பது, பத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிடம். பிறகு அடுத்த மாதம்தான்.

இந்த ஒரு மாத இடைவெளிதான் சிக்கல். தினமும் பார்ப்பவரின் கதை நமக்குத் தொடர்ந்து தெரியும். ஆண்டுக்கொருமுறை பார்ப்பவர் நம்மிடம் எதையும் எதிர்பார்க்க மாட்டார். மாதம் ஒருமுறை பார்ப்பவரோ, போன முறை நெஞ்சைத் திறந்து சொன்னதை நாம் நினைவில் வைத்திருப்போம் என்று நம்புகிறார். "உங்களிடம் சொன்னேனே" என்று அவர் தொடங்கும்போது நாம் விழித்தால், அதன் பிறகு அவர் சொல்வதில்லை. அதற்காகத்தான் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நோட்டு வைக்க ஆரம்பித்தேன். சபையில் வீடு சந்திப்பவர்கள், வகுப்பாசிரியர்கள், விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருபவர்கள் எல்லோருக்கும் இந்த முறை பொருந்தும். நான் பழகிய வழியை அப்படியே சொல்கிறேன்.

எதைக் குறிக்க வேண்டும்

தொடக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். பிள்ளைகள் எத்தனை, யாருக்குச் சர்க்கரை, எந்தத் திருமணம் எந்த மண்டபத்தில் என்று பக்கங்கள் நிரம்பின. ஆனால் அடுத்த மாதம் கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. "சர்க்கரை எப்படி இருக்கிறது?" என்று மாதாமாதம் கேட்டால் அது வாசலில் சொல்லும் வணக்கம் போல் ஆகிவிடும்.

இப்போது முடியாமல் நிற்கிற காரியத்தை மட்டும்தான் குறிக்கிறேன். அடுத்த மாதம் இதற்கு வேறு பதில் இருக்குமா என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்பேன். சர்க்கரைக்கு இருக்காது. "திங்கட்கிழமை முதல் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு ஊசி என்றாலே பயம்" என்பதற்கு இருக்கும். கிணறு தோண்டுகிறார்கள் என்றால் தண்ணீர் வந்ததா என்று கேட்க வேண்டும். மகள் முதல் முறையாக விடுதியில் சேர்ந்திருக்கிறாள் என்றால் அந்த வீட்டின் இரவுகள் மாறியிருக்கும். இவைதான் குறிப்பு.

காரியத்தோடு அதன் நாளையும் கேட்டு எழுதுங்கள். நாள் தெரியாத குறிப்பு பாதிக் குறிப்பு. ஒவ்வொரு காரியத்துக்கும் சொந்தமாக ஒரு நாள்காட்டி இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால்தான் கேள்வி சரியாக விழும். குளச்சலில் விசைப்படகில் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போகும் வீடுகளுக்கு மேற்குக் கடலோர மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த வீட்டில் ஆகஸ்ட் நடையில் "படகு இறங்கிவிட்டதா?" என்று கேட்கலாம். மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், சின்னமுட்டத்தில், தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டம்தான், கணக்கு வேறு. சிறு நாட்டுப்படகான வள்ளத்தில் போகும் வீட்டுக்கோ இந்தத் தடையே கிடையாது, அவர்களை நிறுத்துவது ஆனி ஆடிக் கடல்தான். வள்ளக்காரர் வீட்டில் தடைக்காலத்தைப் பற்றி அக்கறையாகக் கேட்டால், தங்கள் பாடு இவளுக்குத் தெரியவில்லை என்றுதான் அவர்களுக்குப் படும்.

எப்போது எழுதுவது

அவர்கள் எதிரில் எழுதவே கூடாது. பேசும்போது பேனாவைக் கண்டால் பேச்சு வாக்குமூலம் ஆகிவிடும். ஆனால் இரவில் வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டாலும் போய்விடும். 1885ஆம் ஆண்டிலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம் மறதியைத் தாமே அளந்து பார்த்தார். மறதியின் பெரும் பங்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுவதைக் கண்டார். மனிதர் பேச்சு பொருளற்ற அசை இல்லை, அவ்வளவு வேகமாக மறக்காது. ஆனால் பத்து வீடுகளின் பேச்சு ஒன்றின் மேல் ஒன்றாக விழும்போது எந்த மகனுக்கு எந்த ஊரில் வேலை என்பது குழம்பிவிடும்.

மூன்று வீட்டுக்கு ஒருமுறை ஒரு நிழலில் நின்று எழுதுவது என் வழக்கம். அதுவரை மனதில் வைக்க ஒரு சிறு பழக்கம் உதவுகிறது. கேட்டைச் சாத்தும்போது அந்த வீட்டுக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். "ஊசி." அடுத்த கேட்டில் "கிணறு." அதற்கடுத்து "விடுதி." மூன்று சொல்லைச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். நான்காவது வரும்போது முதலாவது நழுவுகிறது, எனக்கு அவ்வளவுதான் கொள்ளும். எழுதவே விரும்பாதவர்கள்கூட இந்த ஒற்றைச் சொல் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேரைச் சமாளிக்கலாம். அதற்கு மேல் நோட்டு வேண்டும்.

ஒரு குறிப்பின் வடிவம்

சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு, ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர் எழுதுவதில்லை. "ஓட்டு வீடு", "பலா நிற்கும் வீடு", "வளைவுக் கடை மாமி" என்று எனக்கு மட்டும் தெரியும் அடையாளம். பணம் வரவு வைக்கும் ஏடு வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் நாளடைவில் பணம் சரியாகக் கட்டுகிறவர்களிடம் மட்டும் நம் அக்கறை போய்ச் சேரும். இதை நான் என்னிடமே கண்டு வருந்தி நிறுத்தினேன்.

ஒரு குறிப்பில் தேதி, காரியம், அது தெரியவரும் நாள் ஆகிய மூன்றும் இருக்கும். நான்காவதாக, அவர்கள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை அப்படியே எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் குறிப்பின் உயிர். ஒரு அக்கா தன் கணவரின் முதுகைப் பற்றிச் சொல்லும்போது "வலி" என்று ஒருபோதும் சொல்லவில்லை, "பிடித்துக்கொண்டது" என்றார். அடுத்த மாதம் "அண்ணனுக்கு அந்தப் பிடிப்பு விட்டதா?" என்று கேட்டால் அது அவருடைய பேச்சின் தொடர்ச்சி. "முதுகு வலி குணமாகிவிட்டதா?" என்றால் மருத்துவமனைச் சீட்டில் இருந்து படித்தது போல் ஒலிக்கும்.

ஐந்தாவதாக ஒரு சிறு வட்டம். அது வந்த கதை கசப்பானது. ஒரு வீட்டில் மருமகள் கிணற்றடியில் என்னிடம் தனியாக, தான் ஒரு வேலைக்கு நேர்காணல் போவதாகச் சொன்னாள். நான் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தேன். அடுத்த மாதம் திண்ணையில் மாமியார் இருக்கும்போதே, "மக்களே, நேர்காணல் எப்படி நடந்தது?" என்று கேட்டுவிட்டேன். அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது. அவள் முகம் வெளுத்ததை இன்றும் மறக்கவில்லை. என் நினைவு தவறவில்லை, ஆனால் என் அக்கறையே அவளைக் காட்டிக்கொடுத்தது. அன்று முதல், தனியாகச் சொல்லப்பட்ட எதற்கும் முன்னால் ஒரு வட்டம் போடுகிறேன். வட்டம் உள்ளதைத் தனியாக மட்டுமே கேட்பேன். தனிமை கிடைக்காவிட்டால் கேட்பதே இல்லை.

எழுதக் கூடாதவை

நோயின் பெயர், கடன் தொகை, வீட்டுச் சண்டை, பிறர் வாயால் கேட்டது. இந்த நான்கும் நோட்டில் இடம் பெறாது. ஒரு பக்கத்தை அந்த வீட்டுக்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியுமா என்பதுதான் என் அளவுகோல். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் என்று வைத்ததும் அதனால்தான். "நீங்கள் எழுதி வைக்கிறீர்களா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி அவர்கள் பக்கத்தை மட்டும் காட்டினேன். ஒருவர் தன் பேரன் பிறந்த நாளில் இருந்த பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

கைப்பேசியில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் தொடர்புப் பெயருக்குப் பின்னாலேயே குறிப்பைச் சேர்த்து எழுதி வைத்திருந்தார். அந்த ஆள் அழைத்தபோது மேசையில் இருந்த கைப்பேசியின் திரையில், பெயரும் அவர் வீட்டு விவகாரமும் சேர்ந்து ஒளிர்ந்தன. சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். கைப்பேசி என்றால் பூட்டுள்ள குறிப்பேட்டில் வையுங்கள், பெயரோடு ஒட்டாதீர்கள்.

கேட்கும் முறை

முந்தின இரவு, நாளைக்குப் போகும் தெருவின் பக்கங்களை மட்டும் படிப்பேன். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு காரியம். மூன்று இருந்தாலும் ஒன்றைத்தான் எடுப்பேன். மூன்றையும் கேட்டால் அங்கே விசாரணை நடக்கும்.

வாசலில் முதலில் கண்ணைப் பயன்படுத்த வேண்டும், வாயை அல்ல. முற்றத்தில் வழக்கமில்லாத செருப்புகள் கிடக்கின்றனவா, தெருமுனையில் கறுப்புக் கொடியோ அஞ்சலிச் சுவரொட்டியோ இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு மாதத்தில் எதுவும் நடந்திருக்கலாம். நோட்டில் இருப்பது போன மாதத்து உண்மை. "அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா?" என்று கேட்டுக்கொண்டே நுழையும் வீட்டில் அம்மா இல்லாமல் போயிருந்தால், அந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்து, முடிவைக் கேட்காமல் ஆளைக் கேட்பது. தேர்வு எழுதிய பையன் இருந்தால் "ரிசல்ட் என்ன?" என்று நான் கேட்பதில்லை. "பரீட்சை முடிந்த பிறகு பையன் நன்றாகத் தூங்குகிறானா?" என்பேன். நல்ல மதிப்பெண் என்றால் அவர்களே சொல்வார்கள். இல்லையென்றால் தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகரலாம். பதில் சொல்லாமல் தப்பிக்க ஒரு வாசல் கேள்வியிலேயே இருக்க வேண்டும்.

பெண் பார்த்துப் போன காரியம், பிள்ளைப்பேறு, வெளிநாட்டு விசா ஆகிய மூன்றையும் அவர்கள் மறுபடி வாய் திறக்கும் வரை நான் கேட்பதே இல்லை. தட்டிப்போனால் பத்துப் பேருக்குப் பதில் சொல்லிச் சலித்திருப்பார்கள். பதினொன்றாவது ஆளாக நான் போக வேண்டாம்.

கேள்வி தவறாக விழுந்ததை எப்படி அறிவது? "அதெல்லாம் யார் சொன்னது?" என்று அவர்கள் கேட்டால், சொன்னதை அவர்களே மறந்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "நீங்கள்தான் மாமி, போன மாதம் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னீர்கள்." இடம் சொன்னதும் முகம் தெளியும். ஒற்றைச் சொல்லில் பதில் வந்து, உடனே "பணம் எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று உள்ளே போனால், அந்தக் காரியத்தின் மேல் கோடு போட்டுவிடுகிறேன். மறுபடி தொடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. நாம் கேட்டுக்கொண்டே மட்டும் இருந்தால் அவர்கள் கொடுப்பவர்களாகவும் நாம் வாங்குபவர்களாகவும் ஆகிவிடுவோம். நம் வீட்டுச் சேதியும் ஒன்று சொல்லிவிட்டு எழ வேண்டும்.

ஒரு பக்கம், நான்கு மாதங்கள்

ஓட்டு வீட்டுப் பெரியம்மையின் பக்கத்தை, அவர் சம்மதத்தோடு, இங்கே சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர். மகன் வளைகுடாவில், மருமகளும் பேரப்பிள்ளைகளும் நாகர்கோவிலில்.

பிப்ரவரி 6 குறிப்பு: "இடது கண், 18ஆம் தேதி. 'திரை போட்டதுபோல் இருக்கிறது.' ○ மகன் வரவில்லை." கண்புரை அறுவைச் சிகிச்சை. மகன் விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொன்னதை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், அதனால் வட்டம். கிளம்பும்போது "19ஆம் தேதி ஒரு போன் போடட்டுமா பெரியம்மை?" என்று கேட்டேன். "போடு மக்களே" என்றார். அனுமதி கேட்காமல் இடையில் அழைப்பதில்லை, சிலருக்கு அது பாரம். 19ஆம் தேதி இரண்டு நிமிடம் பேசினேன்.

மார்ச் 5 அன்று போவதற்கு முன் யோசித்தேன். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் சொட்டு மருந்து விட வேண்டும், தொடக்கத்தில் அடிக்கடி, போகப் போகக் குறையும். கண் நிலைப்பட்ட பிறகுதான் கண்ணாடி எழுதுவார்கள். அப்படியென்றால் மார்ச்சில் "பார்வை தெளிவாகிவிட்டதா?" என்று கேட்பது காலத்துக்கு முந்திய கேள்வி. "திரை விலகியதா பெரியம்மை? சொட்டு யார் விடுகிறார்கள்?" என்று கேட்டேன். இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி விடுகிறாள், அவளுக்குப் பரீட்சை, மதியச் சொட்டு தவறிக்கொண்டே இருக்கிறது. தானே விட்டால் கன்னத்தில் வழிகிறது. மருத்துவம் சொல்ல நான் யார்? "அடுத்த பரிசோதனையில் இதை மறக்காமல் சொல்லுங்கள்" என்றேன். பிறகு தெருவில் மதியம் வீட்டில் இருக்கும் வளைவுக் கடை மாமியிடம் கேட்கலாமா என்று பெரியம்மையிடமே கேட்டு, அவர் சரி என்ற பிறகு போய்க் கேட்டேன். மாமி ஒப்புக்கொண்டார். குறிப்பு: "மதியச் சொட்டு, மாமி. கண்ணாடி ஏப்ரலில். வலது கண் எப்போது?"

ஏப்ரல் 7. கண்ணாடி வந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்பே நாளிதழைத் தூக்கிக் காட்டினார். அந்தக் காரியத்தின் மேல் கோடு போட்டேன். வலது கண்ணைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மே 6. மருமகளும் பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். வட்டம் போட்ட குறிப்பு மூன்று மாதமாக அப்படியே இருந்தது. வீட்டுக்குள் அதைத் தொடவில்லை. பெரியம்மை கேட் வரை வந்தார், தனியாக. "மகன் பேசுகிறானா பெரியம்மை?" என்று மட்டும் கேட்டேன். ஆபரேஷன் நாளில் வராததைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "அவன் ஆகஸ்டில் வருகிறான். வலது கண்ணை அதுவரை தள்ளி வைத்திருக்கிறேன்" என்றார். மகன் அருகில் இருக்கும்போது செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே தள்ளியிருக்கிறார். ஏப்ரலில் நான் "வலது கண் எப்போது?" என்று வற்புறுத்தியிருந்தால், மருத்துவர் சொன்னார், பிறகு பார்க்கலாம் என்று ஏதாவது சொல்லி மூடியிருப்பார்.

குறிப்பு: "○ ஆகஸ்ட், மகன், வலது கண்."

ஆண்டுதோறும் திரும்பும் நாட்கள்

மாதக் காரியங்கள் கோடு போட்டு முடிந்துவிடும். முடியாதது இழப்பு. பதினாறாம் நாள் அடியந்திரமோ நாற்பத்தொன்றாம் நாள் திருப்பலியோ முடிந்ததும் எல்லோரும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். முதல் ஆண்டு நினைவு நாளும், இறந்தவர் இல்லாமல் வரும் முதல் ஓணமோ கிறிஸ்துமஸோ பொங்கலோதான் கடினம். இவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாத வாரியாக எழுதுகிறேன். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் ஆண்களை இழந்த கடலோர வீடுகள் பல. டிசம்பர் நடையில் அத்தகைய வீட்டில் நான் கேள்வியே கேட்பதில்லை. "இந்த வாரம் உங்களை நினைத்துக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்கிறேன். பேச விரும்புகிறவர்கள் பேசுவார்கள்.

பழைய நோட்டு

டிசம்பர் நடை முடிந்ததும் புது நோட்டு. கடைசிப் பக்கத்து நாட்களையும், இன்னும் முடியாத காரியங்களையும் மட்டும் நகல் எடுக்கிறேன். முதிர்வுப் பணம் வாங்கிக் கணக்கை முடித்துக்கொண்ட வீடுகளின் பக்கங்கள் நகலாவதில்லை. அவர்களை வழியில் பார்த்தால் மனதில் தங்கியதை வைத்துப் பேசுகிறேன். பழைய நோட்டை ஒரு முறை கூடப் புரட்டாமல் காய்ந்த தென்னங்கொதும்போடு சேர்த்து அடுப்பில் வைத்து, முழுவதும் எரிந்து முடியும் வரை பக்கத்திலேயே இருக்கிறேன்.